சம்பளம் 7-ஆம் தேதி வருது, தவணை 3-லும் 5-லும் போகுது: தேதியை மாத்த முடியுமா?

ஓசூர்_லேத்
எல்லாருக்கும் வணக்கம். ஓசூர்ல ஒரு உதிரிபாகக் கம்பெனியில வேலை. கைக்கு 52,000 வருது, மாசம் 7-ஆம் தேதி. முன்னாடி வேலை பார்த்த இடத்துல 1-ஆம் தேதியே சம்பளம் விழும். அந்தக் கணக்குல போட்ட கடன்கள்தான் இப்போ எல்லாம் இடிக்குது.

பைக் லோன் 4,150, தேதி 3. வீட்டுக் கடன் 18,400, தேதி 5. கிரெடிட் கார்டு பில் சுமார் 14,000, கடைசித் தேதி 28. அதாவது சம்பளம் வந்து மூணு வாரம் கழிச்சு கார்டு பில், அதுக்குப் பிறகு அடுத்த சம்பளம் வர்றதுக்குள்ள ரெண்டு தவணை. மொத்தத்துல பணம் பத்தாம இல்லை. ஆனா 28-ல இருந்து 5 வரைக்கும் கணக்கு காலியா இருக்கு. போன மாசம் பைக் தவணை திரும்பிடுச்சு. கடன் கொடுத்த கம்பெனி 590 பிடிச்சது, என் வங்கி 295 பிடிச்சது. 885 ரூபாய் வெறும் தேதிக்காகப் போச்சு.

இந்த மூணு தேதியையும் 7-க்குப் பிறகு கொண்டு வர முடியுமா? யாரைக் கேக்கணும், என்ன செலவாகும்?

வேலு_திருப்பூர்
ஏன் பதறணும்? ரிசர்வ் வங்கி மூணு நாள் அவகாசம் கொடுத்திருக்கு. 5-ஆம் தேதி கட்ட வேண்டியதை 8-ஆம் தேதி கட்டினா அபராதமும் கிடையாது, சிபில்லயும் வராது. உங்களுக்கு சம்பளம் 7-லயே வந்துடுதே. ஆட்டோ டெபிட்டை நிறுத்திட்டு, சம்பளம் வந்ததும் கையால கட்டுங்க.

அனு_சேலம்
என் தங்கச்சிக்கு இதே மாதிரி நெருக்கடி வந்தப்போ வங்கியில மூணு மாசம் தவணையைத் தள்ளி வைச்சாங்க. கோவிட் சமயத்துல கொடுத்தாங்களே, அது மாதிரி. நீங்களும் எழுதிக் கேட்டுப் பாருங்க அண்ணா. தவணைத் தொகையைக் குறைச்சு வருஷத்தைக் கூட்டவும் செய்வாங்க.

கணக்கர்_மதுரை
ஓசூர் தம்பிக்கு: மூன்றையும் ஒரே விஷயமாகப் பார்க்காதீர்கள். கார்டுக்கு ஒரு விதி, கடனுக்கு வேறு நடைமுறை. நான் வங்கியில் கடன் வசூல் கணக்குப் பிரிவில் பல வருஷம் இருந்தவன்.

முதலில் வேலு சொன்னதைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. மூன்று நாள் அவகாசம் இருப்பது உண்மை, ஆனால் அது கிரெடிட் கார்டுக்கு மட்டும். 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகளில் அது இருக்கிறது. கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம். ஆனால் அந்த மூன்று நாளைத் தாண்டிவிட்டால் தாமத நாள் கணக்கு கடைசித் தேதியிலிருந்தே ஓடும், நான்காம் நாளிலிருந்து அல்ல.

வீட்டுக் கடனுக்கும் பைக் கடனுக்கும் அப்படி எதுவும் கிடையாது. 2021 நவம்பர் 12-ஆம் தேதி சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாக்கியது. தவணைத் தேதியன்று வங்கி தன் அன்றைய கணக்கை முடிக்கும்போது பணம் வந்திருக்கவில்லை என்றால், அந்தத் தேதியே பாக்கி விழுந்த தேதி. 5-ஆம் தேதி தவணையை 8-இல் கட்டினால் கணக்கில் மூன்று நாள் தாமதம் பதிந்துவிடும். ஆட்டோ டெபிட்டை நிறுத்துவது அதைவிட மோசம். தவணையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மேன்டேட்டை நீங்களே முறித்ததாக ஆகும்.

அனு, தம்பிக்குப் பணத்தட்டுப்பாடு இல்லை, தேதிதான் பொருந்தவில்லை. தவணையைத் தள்ளி வைத்தால் அந்த மாதங்களின் வட்டி அசலோடு சேரும். இவருக்கு அது வேண்டாத செலவு.

கார்டைப் பற்றியும் கடனைப் பற்றியும் இரவு விரிவாக எழுதுகிறேன்.

வேலு_திருப்பூர்
கடனுக்கு இல்லைன்னு தெரியாது சார். என் கார்டுல ரெண்டு தடவை ரெண்டு நாள் தாமதமா கட்டியும் கட்டணம் வரலை, அதை வெச்சுத்தான் சொன்னேன்.

கணக்கர்_மதுரை
கார்டிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிது.

கார்டில் நீங்கள் நேராகக் கடைசித் தேதியை மாற்ற முடியாது. மாற்றுவது பில் போடும் தேதியை. கடைசித் தேதி அதிலிருந்து எண்ணி வரும், பெரும்பாலும் 18 முதல் 20 நாள் கழித்து. உங்களுக்கு 28 கடைசித் தேதி என்றால் பில் 8-ஆம் தேதி வாக்கில் போடுகிறார்கள். பில்லைப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பில் சுழற்சியை ஒரு தடவை மாற்றிக்கொள்ள கார்டுதாரருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது 2022 விதியிலேயே உண்டு. 2024 மார்ச்சில் அதை ‘ஒரு தடவையாவது’ என்று திருத்தி, உதவி எண், மின்னஞ்சல், நெட் பேங்கிங், மொபைல் ஆப் எனப் பல வழிகளில் அந்த வசதி கிடைக்க வேண்டும் என்றார்கள். அதனால் ‘எங்களிடம் இல்லை’ என்று வாடிக்கையாளர் மையத்தில் சொன்னால் விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கணக்கில் வைத்துப் பார்ப்போம். கடைசித் தேதி 15 வாக்கில் வர வேண்டும் என்றால் பில் தேதி முந்தைய மாதம் 26 ஆக வேண்டும். 26-இலிருந்து 20 நாள் எண்ணினால் 31 நாள் மாதத்தில் 15 வரும், 30 நாள் மாதத்தில் 16 வரும், 28 நாள் பிப்ரவரியில் 18 வரும். இது வங்கியின் தவறல்ல, நாள் எண்ணிப் போடுவதால் இரண்டு மூன்று நாள் ஆடும். அதனால் காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டு கட்டாமல், ஒவ்வொரு பில்லிலும் அச்சாகியிருக்கும் தேதியைப் பார்த்துக் கட்டுங்கள்.

மாறும் மாதம்தான் கவனம் வேண்டிய இடம். இன்று ஜூன் நடுப்பகுதி. ஜூன் 8-இல் போட்ட பில்லின் கடைசித் தேதி ஜூன் 28, அது அப்படியேதான் இருக்கும். மாற்றக் கேட்டுவிட்டோமே என்று அதைக் கட்டாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த பில்லை வங்கி இரண்டு விதமாகப் போடலாம். ஜூன் 26-இலேயே போட்டால் அது 18 நாள் செலவுக்கான சின்ன பில், கட்ட வேண்டியது ஜூலை 16. அது ஜூலை 7 சம்பளத்தில் சுகமாக அடங்கும். ஜூன் 26-ஐ விட்டுவிட்டு ஜூலை 26-இல் போட்டால் ஜூன் 9 முதல் நாற்பத்தெட்டு நாள் செலவு ஒரே பில்லில் சேரும். மாதம் 14,000 செலவழிக்கிறவருக்கு 22,000-க்கு மேல் பில் வரும், அது ஆகஸ்ட் 15-இல் கட்ட வேண்டியது. நடுவில் ஜூலையில் கட்ட வேண்டிய பில்லே இல்லாததால் கையில் பணம் இருப்பதாகத் தோன்றும். அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். மாற்றும்போதே ‘அடுத்த பில் எந்தத் தேதியில் வரும், எந்தத் தேதி வரை செலவு அதில் சேரும்’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

அனு_சேலம்
எனக்கு ஒரு சந்தேகம் சார். கார்டுல 40,000 பாக்கி நிக்குது, மாசாமாசம் மினிமம் மட்டும் கட்டிட்டு வரேன். தேதியை மாத்தினா வட்டி குறையுமா?

கணக்கர்_மதுரை
குறையாது அம்மா. முழுப் பில்லையும் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள் உண்டு. பாக்கி நிற்கும்போது வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது, புதுசாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே ஓடுகிறது. பில் தேதி எதுவானாலும் அது மாறாது. பல வங்கிகள் பாக்கி இருக்கும்போது தேதி மாற்றமே செய்வதில்லை. உங்களுக்கு அந்த 40,000-ஐக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றுவதுதான் வழி. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன்.

பொன்மலை_ஷாப்
நடுவுல என் கதையையும் சொல்றேன், யாருக்காவது உதவும். நான் ரயில்வே. சம்பளம் மாசக் கடைசி வேலை நாள்ல வந்துடும். அதனால வீட்டுக் கடனை 1-ஆம் தேதிக்கு வெச்சேன். பதினோரு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லை. மார்ச் சம்பளம் மட்டும் ஏப்ரல் முதல் வேலை நாள்லதான் மத்திய அரசு ஊழியருக்கு வரும், நிதியாண்டு கணக்கு. ஏப்ரல் 1 வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு. பக்கத்துல ஞாயிறு, பண்டிகைன்னு சேர்ந்தா இன்னும் தள்ளும். வருஷா வருஷம் அந்த ஒரு தவணைக்கு யார்கிட்டயாவது கை மாத்து வாங்கிட்டு இருந்தேன். இப்போ 5-ஆம் தேதிக்கு மாத்திட்டேன்.

முன்னெல்லாம் தவணைத் தேதி ஞாயித்துக்கிழமையில வந்தா திங்கள்தான் பிடிப்பாங்க. 2021 ஆகஸ்ட் 1-லேர்ந்து, தவணையைக் கணக்குலேர்ந்து தானாப் பிடிக்கிற நாச் முறை எல்லா நாளும் ஓடுது, ஞாயிறும் பிடிக்கிறாங்க. பழைய நினைப்புல இருக்கிறவங்க ஜாக்கிரதை.

கீதா_அம்பத்தூர்
நான் ஒரு கம்பெனியில சம்பளப் பிரிவு பார்க்கிறேன். நீங்க எல்லாரும் ‘சம்பளத் தேதி’ன்னு ஒரு நாளைச் சொல்றீங்க, எந்த நேரம்னு யாரும் சொல்லலை. நாங்க சம்பளக் கோப்பை காலையில ஏத்துவோம். ரெண்டு அதிகாரிங்க ஒப்புதல் கொடுக்கணும். ஒருத்தர் வெளியூர்ல இருந்தா சாயங்காலம் ஆகும். ஊழியர் கணக்குல விழும்போது ராத்திரி 8 மணி ஆன மாசமும் உண்டு. தவணை பிடிக்கிறது காலையிலேயே வந்துடும். அதனால 7-ஆம் தேதி சம்பளத்துக்கு 7-ஆம் தேதி தவணை வைக்கவே கூடாது.

இன்னொண்ணு. எல்லாத்தையும் சம்பளத்தை ஒட்டிக் குவிக்கிறதே எனக்குப் பிடிக்கலை. சம்பளம் ஒரு மாசம் மூணு நாள் தள்ளினா மூணு தவணையும் ஒரே வாரத்துல திரும்பும். இப்போ மாதிரி பிரிஞ்சு இருந்தா ஒண்ணுதான் அடிபடும்.

ஓசூர்_லேத்
கீதா மேடம், எங்க கம்பெனியிலயும் சில மாசம் 9-ஆம் தேதி ஆகுது. அதுதான் எனக்கும் பயம். கணக்கர் அண்ணா, வீட்டுக் கடன் நிலுவை 16,20,000, வட்டி 8.6. பைக் லோன் இன்னும் 60,000 இருக்கு, வட்டி 14. தேதி தள்ளினா எவ்வளவு கூடும்?

கணக்கர்_மதுரை
கணக்கு எளிது தம்பி. எத்தனை நாள் தள்ளுகிறீர்களோ அத்தனை நாளுக்கு நிலுவை அசல் மீது வட்டி, ஒரே ஒரு தடவை.

வீட்டுக் கடனை 5-இலிருந்து 10-க்குத் தள்ளினால் 5 நாள்:

```
1620000 × 0.086 × 5 ÷ 365 = 1908
```

பைக் கடனை 3-இலிருந்து 10-க்குத் தள்ளினால் 7 நாள்:

```
60000 × 0.14 × 7 ÷ 365 = 161
```

இதைத் தனியாகப் பிடிப்பார்கள், அல்லது முதல் தவணையோடு சேர்ப்பார்கள், அல்லது கடைசித் தவணையில் நேர் செய்வார்கள். எப்படி என்று கேளுங்கள். தனியாகப் பிடிப்பது என்றால் அந்த 1,908 எந்த நாளில் எடுக்கப்படும் என்பதும் தெரிய வேண்டும், அதற்குப் பணம் இல்லாமல் திரும்பினால் மறுபடி கட்டணம். ஒரு தடவை திரும்பியதற்கு 885 கொடுத்தீர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் பைக் கடனைத் தள்ளுவது மலிவு. வீட்டுக் கடனுக்கு நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

கார்டைப் போலக் கடனில் இதை உரிமையாகக் கேட்க முடியாது. கடன் கொடுத்தவர் ஒத்துக்கொண்டால் உண்டு. வங்கி என்றால் கடன் கணக்கு உள்ள கிளையில் கடிதம் கொடுங்கள். சம்பளத் தேதி மாறியதற்குச் சான்றாக மூன்று மாத சம்பளச் சீட்டும் கணக்கு அறிக்கையும் வையுங்கள். பாக்கி ஏதும் நிற்கக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் வைத்திருக்கும் சில தேதிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க விடுவார்கள்.

மேன்டேட்டில் ஒரு சங்கதி. உங்கள் நெட் பேங்கிங்கில் அந்த மேன்டேட்டைத் திறந்து பாருங்கள். அதில் `As and when presented` என்று இருந்தால் எந்த நாளிலும் அனுப்பலாம், பழையதே ஓடிவிடும். சில நிறுவனங்கள் அப்படி இருந்தாலும் புதுசு கேட்பார்கள். கேட்டால் புதியது பதிவாகி, அதன் எண் உங்களுக்கு வந்த பிறகுதான் பழையதை ரத்து செய்ய வேண்டும். முன்கூட்டி ரத்து செய்தால் நடுவில் ஒரு தவணை பிடிக்க வழியில்லாமல் போகும். அதுவும் உங்கள் கணக்கில் தாமதமாகவே பதியும்.

மாற்றம் ஏற்பட்டதாகக் கிளையில் வாயால் சொன்னதை நம்பிவிடாதீர்கள். புதிய தவணை அட்டவணையை அச்செடுத்து வாங்குங்கள். அடுத்த தவணை 10 என்று அதில் இருந்தால்தான் மாறியதாக அர்த்தம். தவணைக் கோப்பு சில நாள் முன்பே தயாராகிவிடுவதால், தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு கடிதம் கொடுத்தால் அந்த மாதம் பழைய தேதியிலேயே பிடிக்கும். ஜூலை 5-க்குப் பணம் வைத்திருங்கள்.

கீதா சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். அதனால்தான் கார்டை 15-க்கும் கடன்களை 10-க்கும் சொன்னேன். சம்பளம் ஒரு மாதம் தள்ளிப் போனாலும் கார்டில் மூன்று நாள் அவகாசம் இருக்கிறது, மினிமம் மட்டுமாவது கட்டித் தப்பிக்கலாம். கடனில் அப்படித் தப்பிக்க வழி இல்லை. ஆனால் தவணைகளைச் சிதறி வைப்பது பாதுகாப்பு என்பதை ஒப்பமாட்டேன். சம்பளத்துக்குச் சற்று முந்தைய நாட்களில் இருக்கும் தவணை, சம்பளம் சரியாக வந்த மாதங்களிலும் திரும்புகிறது. தம்பிக்கு நடந்ததே அதுதான்.

கீதா_அம்பத்தூர்
அவருக்கு 9-ஆம் தேதி சம்பளம் வர்ற மாசம் இருக்குன்னு அவரே சொல்றார். அப்போ 10-ஆம் தேதி தவணைக்கு ஒரு நாள்தான் இடைவெளி. ராத்திரி விழுந்தா அதுவும் இல்லை. வீட்டுக் கடனை 15-க்கே வைக்கச் சொல்லுங்க சார்.

கணக்கர்_மதுரை
15 என்றால் பத்து நாள் வட்டி, 3,817. வருஷத்தில் ஓரிரு மாதம் நேரும் தாமதத்துக்காக அதைக் கொடுக்கலாமா என்பது அவர் முடிவு. நான் 10 என்பேன்.

வேலு_திருப்பூர்
தேதியே மாத்தாம இன்னொரு வழி இருக்கு. தவணைக்குன்னு தனி சேமிப்புக் கணக்கு. சம்பளம் வந்த மறுநாள் தவணைத் தொகை தானா அங்க போற மாதிரி நிரந்தர உத்தரவு போட்டுடுங்க. 8-ஆம் தேதி போன பணம் அடுத்த மாசம் 3-ஆம் தேதி வரைக்கும் அங்கேயே கிடக்கும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வாங்காதீங்க, யுபிஐ-லயும் சேர்க்காதீங்க. நான் சீட்டுப் பணத்துக்கு இப்படித்தான் வெச்சிருக்கேன்.

கணக்கர்_மதுரை
இது நல்ல வழி வேலு. கடன் நிறுவனம் தேதி மாற்ற மறுத்தால் இதுதான் செய்ய முடியும். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்காகப் பாருங்கள்.

ஓசூர்_லேத்
செப்டம்பர் வந்தாச்சு, என்ன ஆச்சுன்னு எழுதறேன்னு சொல்லியிருந்தேன்.

கார்டு ஆப்லயே மாறிடுச்சு. ஜூன் 26-ல சின்ன பில் வந்தது, ஜூலை 16-ல கட்டினேன். ஜூன் 28 பழைய பில்லையும் மறக்காம கட்டிட்டேன். இப்போ 15, 16-னுதான் வருது.

வீட்டுக் கடனுக்கு கிளையில கடிதம் கொடுத்தேன். 5, 10, 15-ல ஒண்ணுன்னாங்க. 10 எடுத்தேன். ஜூலை 5 பழையபடி பிடிச்சாங்க, ஆகஸ்ட்லேர்ந்து 10. வட்டி 1,900-ஐ ஒட்டித் தனியாப் பிடிச்சாங்க, அண்ணா சொன்ன கணக்குத்தான். புது அட்டவணை முதல்ல கொடுக்க மாட்டேன்னாங்க, நின்னு வாங்கினேன்.

பைக் லோன் கம்பெனி முடியாதுன்னுட்டாங்க, கடன் எடுக்கும்போது தேர்ந்தெடுத்த தேதிதானாம். அதனால வேலு அண்ணன் வழிதான். தனிக் கணக்குக்கு மேன்டேட்டை மாத்த 531 வாங்கினாங்க. ஆகஸ்ட் 8-ல 4,150 அங்க போச்சு, செப்டம்பர் 3-ல பிடிச்சுட்டாங்க, சிக்கல் இல்லை.

ஆனா இந்த மாசம் சம்பளம் 9-ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்குத்தான் விழுந்தது. மறுநாள் காலையில 18,400 போயிடுச்சு. கீதா மேடம் சொன்னதை அன்னிக்கு ராத்திரி முழுக்க நினைச்சுட்டு இருந்தேன். மறுபடி 15-க்கு மாத்தக் கேக்கலாமா?

கீதா_அம்பத்தூர்
கேளுங்க. அக்டோபர், நவம்பர்ல பண்டிகை விடுமுறை வரும், எங்க மாதிரி கம்பெனிங்களுக்குச் சம்பளம் தள்ளுறது அப்போதான் அதிகம்.

கணக்கர்_மதுரை
மூன்று மாதத்துக்குள் இரண்டாம் தடவை கேட்டால் கிளையில் யோசிப்பார்கள், வட்டி இன்னொரு 1,900 ஆகும். அந்த வேலு கணக்கிலேயே தீபாவளி போனஸ் வரும்போது 18,400 போட்டு வைத்துவிடுங்கள். சம்பளம் தள்ளும் மாதத்தில் 9-ஆம் தேதி இரவு சம்பளக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம், பிறகு திருப்பிப் போடலாம்.

ஓசூர்_லேத்
போனஸ் அக்டோபர்லதான் அண்ணா. அதுவரைக்கும் ஒரு தவணை இருக்கு. கிளையிலயும் கேட்டுப் பார்க்கிறேன்.